சுவரைப் பிடித்து நின்ற நிமிடங்கள்

புதுச்சேரியில் நீச்சல் கற்றவர்கள் இரண்டு வகை. பாகூர், வில்லியனூர் பக்கம் கிணற்றிலும் ஏரியிலும் இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு பழகியவர்கள் ஒரு வகை. நகரத்தில் காசு கட்டி, காலை பேட்சிலோ மாலை பேட்சிலோ சேர்ந்து, மாஸ்டரின் விசிலுக்குக் கைகால் அசைத்துப் பழகியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் எத்தனை கலோரி எரிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் வகையினர் குளத்தைவிட்டு ஏறியதும் முதலில் பார்ப்பது கையில் கட்டிய வாட்சைத்தான். அது 450 என்றோ 500 என்றோ காட்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நம்பலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கணக்கு மூன்று பொருள்களால் ஆனது: உடல் எடை, நேரம், தீவிரம். நான்காவதாக நீச்சல் வகை வரும். ஃப்ரீஸ்டைல், தவளை நீச்சல் என்று நாம் சொல்லும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை ஆகிய நான்கும் ஒன்றுபோல் எரிப்பதில்லை. பெரும்பாலானோர் இந்த நான்காவதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

மூச்சை அளந்தவர்கள்

உடல் எரிக்கும் சக்தியை அளக்க நேரடி வழி, அது வாங்கும் ஆக்சிஜனை அளப்பதுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1790-ஐ ஒட்டி, பாரிசில் லவாய்சியே இதைச் செய்து பார்த்தார். அவருடைய உதவியாளர் செகுவின் முகமூடி வழியாக மூச்சுவிட்டபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு காலால் ஒரு மிதியை அழுத்தி வேலை செய்தார். வேலை செய்தபோது அவர் வாங்கிய ஆக்சிஜன், சும்மா இருந்தபோது வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அந்தச் சோதனையைப் படமாக வரைந்தவர் லவாய்சியேயின் மனைவி மரி ஆன். மேசையருகே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பெண்ணாகத் தன்னையும் அதில் வரைந்து வைத்திருக்கிறார்.

உட்கார்ந்திருப்பவரிடம் இதை அளப்பது எளிது. நீந்துபவரிடம் அளப்பது தொல்லை. 1970களில் சுவீடனில் இங்வார் ஹோல்மேர் என்ற ஆய்வாளர், நீரைக் குறிப்பிட்ட வேகத்தில் எதிரே ஓடவிடும் தொட்டியில் ஆட்களை நீந்தவிட்டார். நீந்துபவர் இருந்த இடத்திலேயே இருப்பார், தண்ணீர்தான் ஓடும். வாயில் மாட்டிய குழாய் வழியாக வெளிவரும் மூச்சைச் சேகரித்துப் பகுத்தால் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் செலவானது என்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் கலோரி எதுவோ, அதே கிலோகலோரியைத்தான் இங்கேயும் கலோரி என்று சொல்கிறேன்.

இப்படிப் பல ஆய்வகங்களில் எடுத்த அளவுகளை ஒரே பட்டியலில் சேர்த்தவர் அமெரிக்காவின் பார்பரா ஐன்ஸ்வொர்த். 1993-இல் முதன்முதலில் வந்த அந்தத் தொகுப்பு பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு செயலுக்கும் மெட் என்ற ஓர் எண் இருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 6 மெட் என்றால் உட்கார்ந்திருப்பதைப்போல் ஆறு மடங்கு செலவு. உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கலோரி செலவாகும் என்பது இந்த முறையின் அடித்தளம். ஆகவே சூத்திரம் இப்படி வரும்:

கலோரி = மெட் × எடை (கிலோ) × நேரம் (மணி)

வாட்சும் கைபேசிச் செயலியும் இணையத்தில் உள்ள கணக்கீடுகளும் பெரும்பாலும் இந்தச் சூத்திரத்தையோ இதன் மாற்று வடிவத்தையோதான் பயன்படுத்துகின்றன.

60 கிலோ ஆளின் வசதி

எடை 60 கிலோவாக இருந்தால் ஒரு வசதி உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடம், எடையும் 60 என்பதால் இரண்டும் அடிபட்டுப் போகும். மெட் எண் எதுவோ, அதுவே ஒரு நிமிடத்துக்கான கலோரி. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் 60 கிலோ ஆளையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் எடை 75 என்றால் விடையை 1.25-ஆல் பெருக்குங்கள். 48 என்றால் 0.8-ஆல் பெருக்குங்கள்.

2011-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து நமக்கு வேண்டியவை இவை:

- பேக் ஸ்ட்ரோக், பொழுதுபோக்காக: 4.8
- பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பொழுதுபோக்காக: 5.3
- ஃப்ரீஸ்டைல், மெதுவாக அல்லது மிதமாக: 5.8
- பேக் ஸ்ட்ரோக், பயிற்சி அல்லது போட்டி: 9.5
- ஃப்ரீஸ்டைல், வேகமாக: 9.8
- பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பயிற்சி அல்லது போட்டி: 10.3
- பட்டர்ஃப்ளை: 13.8

இந்தப் பட்டியலை இரண்டு விதமாகப் படிக்கலாம். நீச்சல் வகையை மட்டும் பார்த்தால், பொழுதுபோக்கு வேகத்தில் மூன்று வகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 1 மெட்தான். தீவிரத்தைப் பார்த்தால், அதே பிரெஸ்ட் ஸ்ட்ரோக் 5.3-இலிருந்து 10.3-க்குப் போகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த நீச்சல் என்பதைவிட எப்படி நீந்தினீர்கள் என்பதே கணக்கைப் பெரிதும் மாற்றுகிறது.

அதற்குக் காரணம் தண்ணீர். அது காற்றைப்போல் 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் கூடும்போது நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. அந்த எதிர்ப்பை மீற ஒவ்வொரு நொடியும் கொடுக்க வேண்டிய சக்தியோ மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. நிமிடத்துக்கு 30 மீட்டர் நீந்துபவர் 36 மீட்டர் நீந்த முயன்றால், கூடுவது 20 சதவீத வேகம். நீரை எதிர்த்துச் செய்யும் வேலையோ 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. அதனால்தான் பக்கத்து லேனில் போகிறவரை முந்தப் பார்த்தால் இரண்டே லேப்பில் மூச்சு வாங்குகிறது.

தவளை நீச்சல் ஏன் ஃப்ரீஸ்டைலுக்குக் கீழே இருக்கிறது?

ஒரே வேகத்தில் நீந்தவிட்டு அளந்தால், நான்கில் சிக்கனமானது ஃப்ரீஸ்டைல், அடுத்தது பேக் ஸ்ட்ரோக். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் பட்டர்ஃப்ளையும் அதிகம் செலவழிப்பவை. ஹோல்மேரின் அளவுகளும் அவருக்குப் பின் வந்தவர்களின் அளவுகளும் இதையே காட்டின. அப்படியானால் பொழுதுபோக்கு வரிசையில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் 5.3 என்று ஃப்ரீஸ்டைலுக்குக் கீழே இருப்பது ஏன்?

ஃப்ரீஸ்டைலில் ஒரு கை இழுத்து முடிக்கும் முன்பே மறுகை நீரைப் பிடித்துவிடும். உடல் ஓரளவு சீராக நகரும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கால்களை மடக்கி இடுப்புப் பக்கம் இழுக்கும் அந்த நேரத்தில் தொடைகள் நீருக்குக் குறுக்கே நிற்கும். உடல் அநேகமாக நின்றே போகும். பிறகு உதைத்து மீண்டும் வேகம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் இது நடக்கிறது. தெருவுக்குத் தெரு நின்று கிளம்பும் டவுன் பஸ்ஸுக்கு டீசல் அதிகம் பிடிப்பதுபோல்தான் இதுவும்.

ஆனால் செலவு அதிகம் என்பது மீட்டர் கணக்கில்தான். மெட் பட்டியல் போடுவது நிமிடக் கணக்கு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துபவர், தலையை வெளியே வைத்துக்கொண்டு, உதைத்துவிட்டுச் சற்று வழுக்கிப்போய், மெதுவாகவே போகிறார். 60 கிலோ ஆள் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தினால் 100 மீட்டருக்கு 4 நிமிடம், சுமார் 21 கலோரி. அவரே ஃப்ரீஸ்டைலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் போனால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 20 நொடி, சுமார் 19 கலோரி. நிமிடத்துக்கு எரிவது ஃப்ரீஸ்டைலில் கூட, மீட்டருக்கு எரிவது பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கூட. இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய உண்மைகள்தான், முரண் எதுவுமில்லை.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ளத்தக்க ஓர் அளவு கிடைக்கிறது. 60 கிலோ ஆள், ஓரளவு ஒழுங்கான நீச்சல், 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 கலோரி. வாட்ச் சொல்வது நம்பத்தக்கதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான உரைகல் இல்லை. புதிதாகப் பழகி, கால் கீழே தொங்க, கையால் நீரைத் தட்டிக்கொண்டு போகிறவருக்கு இது 30-ஐக்கூடத் தாண்டலாம். தேர்ந்தவருக்குக் குறையும்.

ஒரு மணி நேர பேட்சைப் பிரித்துப் பார்த்தால்

முத்தியால்பேட்டையிலிருந்து காலை ஆறு மணி பேட்சுக்கு வருகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. நீந்தத் தெரியும், ஆனால் போட்டிக்காரர் அல்ல. குளம் 25 மீட்டர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவது ஒரு லேப். ஏறி வந்ததும் அவர் சொல்கிறார்:

"மாஸ்டர், இன்னைக்கு ஒரு மணி நேரம் முழுசா நீந்தினேன். கணக்குப் போட்டா ஐந்நூறு கலோரி வருது."

"நீந்தினீங்களா, தண்ணியில இருந்தீங்களா மேடம்?"

நல்ல கேள்வி. ஒரு மணி நேரத்தையும் நிமிடத்துக்கு 46 மீட்டர் வேகத்து ஃப்ரீஸ்டைல் என்று வைத்தால், தொகுப்பில் அதற்கான மெட் 8.3. 60 × 8.3, அதாவது 498. அவர் சொன்ன ஐந்நூறு வந்துவிடுகிறது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் போயிருந்தால் 2,700 மீட்டருக்கு மேல் நீந்தியிருக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் அது 110 லேப். அவர் எண்ணியதோ 24 லேப், 600 மீட்டர்.

உண்மையில் நடந்ததைக் கடிகாரத்தோடு பிரிப்போம். முதல் 8 நிமிடம் ஷவரும் கரையில் நின்று கைகால் சுழற்றியதும். அதற்கு 2.5 மெட் வைத்தால் 20 கலோரி. பிறகு மெதுவான ஃப்ரீஸ்டைல் 8 லேப், லேப்புக்கு 50 நொடி. மொத்தம் 6 நிமிடம் 40 நொடி, 39 கலோரி. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் 8 லேப், லேப்புக்கு ஒரு நிமிடம். 8 நிமிடம், 42 கலோரி. பேக் ஸ்ட்ரோக் 4 லேப், 4 நிமிடம், 19 கலோரி. கடைசியில் மாஸ்டர் விசிலடித்து விரட்டிய வேக ஃப்ரீஸ்டைல் 4 லேப், லேப்புக்கு 30 நொடி. 2 நிமிடம், 20 கலோரி.

நீந்திய நேரம் மொத்தம் 20 நிமிடம் 40 நொடி. எரிந்தது 120 கலோரி. 100 மீட்டருக்கு 20 என்ற உரைகல்லை வைத்தாலும் 600 மீட்டருக்கு 120-தான் வருகிறது.

மீதி 31 நிமிடம்? சுவரைப் பிடித்து நின்றது, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தது, முன்னால் போகிறவர் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தது, பக்கத்து லேன் தோழியிடம் மகளின் தேர்வைப் பற்றிப் பேசியது. இதற்கு 2 மெட் என்று வைத்தால் 63 கலோரி. எல்லாம் சேர்த்து 203.

இன்னும் ஒரு கழித்தல் பாக்கி இருக்கிறது. குளத்துக்கு வராமல் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் உடல் 60 கலோரி எரித்திருக்கும். நீச்சலால் கூடுதலாக எரிந்தது 143-தான். இந்த 60-உம் சற்றுத் தாராளமான எண் என்பதையும் சொல்ல வேண்டும். 1 மெட்டுக்கு வைத்த அளவு 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணை அடிப்படையாகக் கொண்டது. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 700-க்கும் மேற்பட்டவர்களை அளந்தபோது, கிலோவுக்கு மணிக்கு 0.84 கலோரி என்றே சராசரி வந்தது. அதை வைத்தால் கழிக்க வேண்டியது 50, மிஞ்சுவது 153.

ஐந்நூறு எங்கே, நூற்றைம்பது எங்கே? குளத்திலிருந்து வரும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சாப்பிட்டால் இந்த நூற்றைம்பது சமனாகிவிடும். நீந்தியும் எடை குறையவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் உடலைக் குறை சொல்கிறார்கள். கோளாறு இருப்பது நேரம் என்ற கட்டத்தில்.

பட்டர்ஃப்ளையின் மாயை

13.8 என்ற எண்ணைப் பார்த்ததும் பட்டர்ஃப்ளை கற்றுக்கொண்டால் சீக்கிரம் இளைக்கலாம் என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு 828 கலோரி என்று அட்டவணைகள் அச்சிடுகின்றன. ஆனால் ஒரு மணி நேரம் பட்டர்ஃப்ளை நீந்துகிறவரை எந்த ஊர்க் குளத்திலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாதாரணமாகப் பழகியவர் ஒரு லேப்பை 30 நொடியில் முடித்துவிட்டு, சுவரைப் பிடித்து ஒன்றரை நிமிடம் மூச்சு வாங்குவார். அந்த 30 நொடிக்கு 6.9 கலோரி. மூச்சு வாங்கும் 90 நொடிக்கு, இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருப்பதால், 3 மெட் என்று வைத்தால் 4.5 கலோரி. இரண்டு நிமிடத்துக்கு 11.4, அதாவது நிமிடத்துக்கு 5.7. மெதுவான ஃப்ரீஸ்டைலின் நிமிடக் கணக்கு 5.8. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதில் ஒரு நியாயம் சேர்க்க வேண்டும். 30 நொடி முழு மூச்சில் நீந்தும்போது உடல் முதலில் தசையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறது, ஆக்சிஜன் கணக்கு பின்னாலேயே வருகிறது. ஓய்வின்போது வாங்கும் அந்தப் பெருமூச்சு பழைய கடனை அடைப்பதுதான். அதனால் 90 நொடிக்கு நாம் வைத்த 3 மெட் சற்றுக் குறைவாக இருக்கலாம். அப்படிக் கூட்டினாலும் 13.8-ஐ நெருங்காது. பட்டர்ஃப்ளை தோளுக்கும் முதுகுக்கும் வேலை கொடுக்கும், கற்பதில் மகிழ்ச்சி உண்டு. கலோரிக்காக அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. நிற்காமல் போகக்கூடிய நீச்சல் எதுவோ, அதுவே உங்களுக்கு அதிகம் எரிக்கும்.

தீவிரத்தை எப்படி அறிவது?

தொகுப்பு 'மெதுவாக', 'வேகமாக' என்று எழுதுவது எளிது. குளத்தில் இருப்பவருக்குத் தன் நீச்சல் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எப்படித் தெரியும்?

கரையேறி வந்து நாடியைப் பிடித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நீரில் படுத்த நிலையில், நீரின் அழுத்தம் காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுவதால், அதே உழைப்புக்குத் தரையில் ஓடும்போது இருப்பதைவிட நாடி நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு அளவுக்குக் குறையும். புதுச்சேரியில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளிக் குளம் அதைத் தாண்டிவிடும். தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால் உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தோலுக்கு இரத்தத்தை அதிகம் அனுப்பும், நாடி ஏறும், முகம் சிவக்கும், சீக்கிரம் களைப்பு வரும். நீருக்குள்ளும் வியர்க்கும், அது தெரியாது. நாடி ஏறியதால் கலோரி அதிகம் எரிந்தது என்று வாட்ச் எழுதிக்கொள்ளும். உண்மையில் எரிந்தது ஏறவில்லை, சூடுதான் ஏறியிருக்கிறது.

இதைவிட நம்பகமானது பேச்சு. சுவரைத் தொட்டவுடன் ஒரு முழு வாக்கியம் சிரமமில்லாமல் சொல்ல முடிந்தால் நீங்கள் 5, 6 மெட் பக்கம் இருக்கிறீர்கள். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் 8, 9 பக்கம். பேசவே முடியவில்லை என்றால் அதற்கும் மேல். இன்னொரு சான்று கை எண்ணிக்கை. முதல் லேப்பில் 22 வீச்சில் கரை சேர்ந்தவர் பத்தாவது லேப்பில் 30 வீச்சு எடுத்தால், கடிகாரம் அதே நொடியைக் காட்டினாலும் செலவு கூடிவிட்டது. களைப்பில் கை நீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது, இடுப்பு கீழே இறங்குகிறது. வேகத்தை மட்டும் வைத்துத் தீவிரம் சொல்கிற சூத்திரம் இங்கேதான் தவறுகிறது. பழகியவருக்கு நிமிடத்துக்கு 45 மீட்டர் என்பது மிதமான நீச்சல். புதியவருக்கு அது உயிரைக் கொடுத்து நீந்துவது.

எடை என்ற கட்டம்

சூத்திரத்தில் எடை நேரடியாகப் பெருக்கப்படுகிறது. 90 கிலோ ஆள் 60 கிலோ ஆளைப்போல் ஒன்றரை மடங்கு எரிப்பார் என்கிறது. மாடிப்படி ஏறும்போது இது சரி, அந்த எடையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? குளத்தில் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. அங்கே செலவைத் தீர்மானிப்பது, நீரைக் கிழித்துக்கொண்டு போகும் உடலின் முகப்பு எவ்வளவு பெரியது, கால் எவ்வளவு கீழே தொங்குகிறது என்ற இரண்டும்.

கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மேலே நிற்கும், கால் கீழே இழுக்கும். நீண்ட, ஒல்லியான, தசைப்பிடிப்பான கால் உள்ள ஆணுக்கு இந்த இழுப்பு அதிகம். கிடைமட்டமாக இருக்கவே அவர் உதைத்துக்கொண்டிருக்க வேண்டும். தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பு இருக்கும் பெண்ணின் கால் தானாகவே மேலே வரும். இத்தாலியின் தி பிராம்பெரோவும் அமெரிக்காவின் பெண்டர்காஸ்டும் 1970களில் இதை அளந்தார்கள். ஒரே வேகத்தில் ஃப்ரீஸ்டைல் நீந்தப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே செலவானது. ஆகவே எடை கூடிய ஒருவருக்குச் சூத்திரம் தரும் எண்ணை மேல் எல்லையாகக் கொள்வதே பாதுகாப்பு.

கடலிலே நீந்தினால்?

ஏரி, ஆறு, கடல் நீச்சலுக்குத் தொகுப்பு 6.0 மெட் வைத்திருக்கிறது. இதை நம்பிப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இறங்க வேண்டாம். கருங்கல் தடுப்பில் மோதித் திரும்பும் அலையும் அடியிழுப்பும் நல்ல நீச்சல்காரரையும் விடாது. கணக்குக்கும் அந்த இடம் உதவாது, நீரோட்டம் தள்ளினால் உழைக்காமலே தூரம் வரும், எதிர்த்தால் உழைத்தும் தூரம் வராது.

ஆனால் கடலில் ஒரு பெரிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை 25 மணி 36 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அதே நீரிணையை 1971-இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவுமாகக் கடந்தார். மிஹிர் சென்னின் நேரத்தை எடுத்து, 70 கிலோ எடையும் 6 மெட்டும் வைத்துப் பார்ப்போம். 6 × 70 × 25.6, அதாவது ஏறக்குறைய 10,750 கலோரி. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. ஆக, ஒரு பகலும் ஓர் இரவும் நீந்தி நாடு விட்டு நாடு வந்தாலும் கரைவது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான கொழுப்பு. அதுவும் வழியில் எதுவும் உண்ணாமல் இருந்தால்.

குறித்து வைக்க வேண்டியவை

முத்தியால்பேட்டைப் பெண்ணின் ஒரு மணி நேரத்தை மாற்றியமைப்போம். கரையில் 8 நிமிடம் அப்படியே இருக்கட்டும். சுவரோரம் நிற்பதை 31-இலிருந்து 12 நிமிடமாகக் குறைத்து, 40 நிமிடம் மெதுவான ஃப்ரீஸ்டைலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் மாறி மாறி நீந்தினால் நீச்சலுக்கு மட்டும் சுமார் 220 கலோரி வரும். கரையும் சுவரும் சேர்த்து 264, உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும் 60-ஐக் கழித்தால் 204. முன்பு 143. வேகம் கூட்டவில்லை, புது நீச்சல் கற்கவில்லை. நின்ற நிமிடங்களை நீந்திய நிமிடங்களாக மாற்றியதே போதுமானதாக இருந்தது.

அதற்கு வேண்டியது மூன்று பதிவுகள்: எத்தனை லேப், லேப்புக்குச் சராசரி எத்தனை நொடி, கடைசி லேப்பில் எத்தனை வீச்சு. முதல் இரண்டையும் பெருக்கினால் உண்மையில் நீந்திய நேரம் கிடைக்கும். மூன்றாவது, தீவிரம் எங்கே நழுவுகிறது என்று காட்டும். வாட்ச் தரும் எண்ணை 100 மீட்டருக்கு 20 என்ற உரைகல்லில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: சுவரோரம் நின்ற நேரத்தையும் வாட்ச் நீச்சலாக எண்ணியிருக்கும், அல்லது பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் வழுக்கலை லேப் முடிவாக எடுத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டியிருக்கும். லேப் எண்ணிக்கையை நீங்களே வைத்திருந்தால் எது நடந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும்.